வீடியோவைப் பார்த்து ஒருவரின் நடையை எழுதுவது எப்படி: நோயின் பெயர் சொல்லாமல், கண்டதை மட்டும்

அப்பாவின் நடை மாறியிருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். டாக்டரிடம் போய் உட்கார்ந்ததும் நான் சொன்ன ஒரே வாக்கியம், "காலை இழுத்து நடக்கிறார் சார், பக்கவாதமா இருக்குமோன்னு பயமா இருக்கு." அவர் திருப்பிக் கேட்டார்: எந்தக் கால்? எப்போதுமா, செருப்பு போட்டால் மட்டுமா? திரும்பும்போதா, நேராக நடக்கும்போதா? ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. அறைக்குள் அப்பா நடந்து காட்டிய நாலு அடியில் டாக்டருக்கும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் டாக்டர் முன்னால் யாருமே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடப்பார்கள்.

அடுத்த முறை வீடியோ எடுத்துப் போனேன். கூடவே ஒரு பக்கம் எழுதியும் போனேன். அதில் "வலது கால் பலமில்லாமல் இருக்கிறது" என்று இருந்ததைப் பார்த்து பிசியோதெரபிஸ்ட் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். "பலமில்லைன்னு எதை வச்சு சொல்றீங்க? வீடியோவில் பலம் தெரியாதே. என்ன பார்த்தீங்கன்னு எழுதுங்க, ஏன்னு நாங்க பார்த்துக்கறோம்." மூன்று முறை மாற்றி எழுதிய பிறகுதான் அது அவருக்குப் பயன்படும் காகிதமானது. நீங்கள் முதல் தடவையே சரியாக எழுதிவிடலாம், அதற்குத்தான் இது.

தொடங்கும் முன் ஒன்று. நடை திடீரென்று, சில மணி நேரத்துக்குள் மாறியிருந்தால், அல்லது கூடவே வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை தொங்குவது என்று எதுவும் இருந்தால் வீடியோ எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம், 108ஐ அழையுங்கள். கீழே இருப்பதெல்லாம் வாரக்கணக்கில் மெதுவாக மாறிய நடைக்கு மட்டும்.

1. சம்மதம், உடை, இடம்

முதலில் அவரிடம் கேளுங்கள். அப்பா "என்னை எதுக்குடா படம் பிடிக்கிற?" என்றார். டாக்டருக்கு மட்டும்தான், குடும்ப குரூப்பில் போட மாட்டேன் என்று சொன்ன பிறகு சரி என்றார். அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். குரூப்பில் போட்டால் பத்து நிமிடத்தில் நாலு பேர் நாலு வியாதிப் பெயர் சொல்வார்கள், அப்புறம் உங்கள் கண்ணும் அந்தப் பெயரைத்தான் தேடும்.

உடைதான் பலரும் கோட்டை விடுகிற இடம். லுங்கியோ வேட்டியோ புடவையோ கட்டியிருந்தால் முழங்கால் தெரியாது, முழங்கால் தெரியாவிட்டால் பாதி விஷயம் போச்சு. அப்பாவுக்கு முழங்காலுக்கு மேலே நிற்கும் டவுசர் வாங்கினேன். அம்மா மாதிரி ஒருவர் என்றால் ஒட்டிய பைஜாமா போதும், மடிப்பு விழாமல் இருந்தால் சரி.

வலது கணுக்காலில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டுங்கள். வீடியோவில் இரண்டு கால்களும் ஒன்றையொன்று கடக்கும், நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்போது எது எந்தக் கால் என்று நிச்சயம் குழம்பும். நான் ரிப்பன் இல்லாமல் எழுதிய முதல் குறிப்பில் இரண்டு இடத்தில் இடமும் வலமும் மாறிக் கிடந்தன. இன்னொன்று, வலது என்றால் எப்போதும் நடப்பவரின் வலது. அவர் உங்களைப் பார்த்து நடந்து வரும்போது அவருடைய வலது கால் படத்தில் இடப்பக்கம் இருக்கும். செல்ஃபி கேமராவில் எடுக்கவே எடுக்காதீர்கள், பல போன்களில் அது கண்ணாடி போலத் திருப்பிப் பதிவு செய்யும்.

இடத்துக்கு நான் முதலில் மொட்டை மாடியைத் தேர்ந்தெடுத்தேன். தவறு. மழைநீர் வடிய மாடித் தளம் லேசாகச் சரிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் போகும்போது ஒரு நடை, வரும்போது ஒரு நடை. கடைசியில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தள கார் நிறுத்துமிடம்தான் சரிப்பட்டது. காலை 11 மணிக்கு வண்டிகள் வெளியே போயிருக்கும், வெளிச்சமும் இருக்கும். 10 மீட்டர் நேர்வழி வேண்டும். நடுவில் 6 மீட்டருக்குச் சாக்பீஸால் கோடு போட்டு, அரை மீட்டருக்கு ஒரு குறுக்குக்கோடு இழுங்கள். முதல் 2 மீட்டரும் கடைசி 2 மீட்டரும் வேகம் பிடிக்கவும் நிற்கவும், அவற்றை எழுத எடுத்துக்கொள்ளக் கூடாது.

விழுந்துவிடுவார் என்ற பயம் இருந்தால் ஒருவர் கூடவே நடக்கட்டும், ஆனால் கேமராவுக்கு மறுபக்கமாக, கையைப் பிடிக்காமல். பிடிக்காமல் முடியாது என்றால் பிடித்துக்கொண்டே நடக்கட்டும், அதை அப்படியே குறிப்பில் எழுதிவிடுங்கள்.

2. வீடியோ எடுப்பது

போனைக் கையில் பிடிக்க வேண்டாம், கூடவே நடந்துகொண்டும் எடுக்க வேண்டாம். ஒரு ஸ்டூல் மேல் இரண்டு புத்தகத்துக்கு இடையில் செருகி, நடப்பவரின் இடுப்பு உயரத்தில், கோட்டிலிருந்து 4 மீட்டர் தள்ளி, கோட்டுக்கு நேர்குத்தாக வையுங்கள். இது பக்கவாட்டு வீடியோ. போவதும் வருவதும் இரண்டுமே வேண்டும், அப்போதுதான் ஒருமுறை வலது காலும் ஒருமுறை இடது காலும் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும். அப்புறம் கோட்டின் ஒரு முனையில் போனை வைத்து, எதிரே வருவதும் திரும்பிப் போவதும். அகலமாகக் காட்டும் 0.5 லென்ஸ் வேண்டாம், ஓரங்களில் கால் வளைந்ததுபோல் காட்டும்.

செருப்போடு ஒரு தடவை, வெறுங்காலோடு ஒரு தடவை எடுங்கள். இதைத்தான் நான் முதலில் விட்டுவிட்டேன், ஆனால் எங்கள் கதையில் மிக முக்கியமானது இதுவாகத்தான் முடிந்தது. ஒவ்வொன்றிலும் மூன்று முறை நடக்கச் சொல்லி, முதல் நடையைக் கணக்கில் சேர்க்காதீர்கள், படம் எடுக்கிறார்கள் என்ற நினைப்பு அதில் இருக்கும். "நல்லா நடங்கப்பா" என்று சொல்லாமல், "கடைக்குப் போற மாதிரி போங்க" என்று மட்டும் சொன்னேன்.

இப்போது ஒரு பெரிய பொறி. வீடியோ என்பது அடுத்தடுத்து ஓடும் தனிப் படங்கள், அந்தப் படம் ஒவ்வொன்றும் ஒரு பிரேம். பிரேம் எண்ணி நேரம் கணக்கிடப் போகிறோம், அதனால் ஒரு வினாடிக்கு எத்தனை பிரேம் என்பது உறுதியாகத் தெரிய வேண்டும். சாதாரணமாகப் போன் 30 எடுக்கும். ஆனால் வெளிச்சம் குறைந்தால் சில போன்கள் தாமாகவே அதைக் குறைத்துவிடும். ஸ்லோ மோஷனில் எடுத்தாலோ வினாடிக்கு 240 எடுத்துவிட்டு 30 என்ற வேகத்தில் ஓட்டிக் காட்டும், தெரியாமல் கணக்குப் போட்டால் நேரம் எட்டு மடங்கு தப்பும். சரிபார்க்க எளிய வழி உண்டு. பதிவைத் தொடங்கியதும் இன்னொரு போனில் ஓடும் ஸ்டாப்வாட்சைக் கேமரா முன் சில வினாடி காட்டுங்கள், பிறகு அதே பதிவில் நடக்கச் சொல்லுங்கள். பின்னால் ஒரு வினாடிக்கு எத்தனை பிரேம் ஓடுகிறது என்று எண்ணிக்கொள்ளலாம்.

வீடியோவைக் கணினிக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், பாதத்தின் ஓரம் கலங்கிப்போகும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது கேபிள் போட்டு ஏற்றுங்கள்.

3. பிரேம்களைப் பிரித்து, ஆறைத் தேர்ந்தெடுப்பது

VLC பிளேயரில் `E` விசையைத் தட்டினால் ஒவ்வொரு பிரேமாக நகரும், பார்ப்பதற்கு அது போதும். எண்ணோடு தனித்தனிப் படமாக வேண்டும் என்றால், ffmpeg என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவி, வீடியோ இருக்கும் ஃபோல்டரில் டெர்மினலைத் திறந்து இந்த ஒரு வரியைத் தட்டுங்கள், nadai.mp4 இருக்கும் இடத்தில் உங்கள் வீடியோவின் பெயர்:

```
ffmpeg -i nadai.mp4 -vf fps=30 p_%04d.png
```

இது படங்களைச் சீரான இடைவெளியில், வினாடிக்கு 30 என்று எடுத்துத் தரும். அதனால் இரண்டு படங்களின் எண்களைக் கழித்து 30ஆல் வகுத்தால் இடைப்பட்ட நேரம் வினாடியில் கிடைக்கும். ஸ்லோ மோஷன் வீடியோவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதை மறக்க வேண்டாம்.

ஆயிரம் படம் கொட்டியிருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். வலது குதிகால் தரையைத் தொடுவதிலிருந்து அதே வலது குதிகால் மறுபடி தொடும்வரை ஒரு சுற்று. அந்தச் சுற்றில் ஆறு நொடிப்பொழுதுகள் போதும். வலது குதிகால் தொடுவது. இடது விரல் நுனி தரையை விடுவது. இடது கால் வலது காலைக் கடப்பது. இடது குதிகால் தொடுவது. வலது விரல் நுனி விடுவது. வலது கால் இடதைக் கடப்பது. ஒவ்வொன்றின் பிரேம் எண்ணையும் ஒரு தாளில் குறியுங்கள். குதிகாலுக்குப் பதில் முன்பாதமோ முழுப் பாதமோ முதலில் தொட்டால் "குதிகால்" என்று எழுதாமல் எது தொட்டதோ அதை எழுதுங்கள், அதுவே ஒரு தகவல்.

அப்பாவின் வெறுங்கால் வீடியோவில் ஒரு சுற்று இப்படி இருந்தது. வலது குதிகால் தொட்டது 100, இடது விரல் விட்டது 105, இடது குதிகால் தொட்டது 116, வலது விரல் விட்டது 122, வலது குதிகால் மறுபடி தொட்டது 136. அடுத்து இடது விரல் விட்டது 141.

ஆக ஒரு சுற்று 36 பிரேம், அதாவது 1.2 வினாடி. இரண்டு காலடிக்கு 1.2 வினாடி என்றால் நிமிடத்துக்கு 100 காலடி. வலது பாதம் தரையில் இருந்தது 100லிருந்து 122 வரை, 22 பிரேம். இடது பாதம் 116லிருந்து 141 வரை, 25 பிரேம். இடது கால் காற்றில் போன நேரம் 11 பிரேம், வலது கால் போனது 14.

இப்போது அவசரப்படாதீர்கள். ஒரு பாதம் எந்த பிரேமில் தொட்டது என்று பார்ப்பதில் எப்போதும் ஒரு பிரேம் முன்பின் ஆகலாம், தொடுவதிலும் விடுவதிலும் சேர்த்து இரண்டு பிரேம்வரை நம் கண்ணின் பிழையாகவே இருக்கலாம். அதனால் ஒரே சுற்றில் வந்த 3 பிரேம் வித்தியாசத்தை நான் நம்பவில்லை. ஐந்து சுற்று எண்ணினேன். ஐந்திலும் இடது பாதமே அதிக நேரம் தரையில் இருந்தது, வித்தியாசம் 2 முதல் 4 பிரேம். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் சாய்ந்ததால்தான் எழுதினேன். சில சுற்றில் இப்படியும் சில சுற்றில் அப்படியும் வந்திருந்தால் "வித்தியாசம் தெரியவில்லை" என்று எழுதியிருப்பேன்.

உங்களிடம் வீடியோ இல்லாமல் அடுத்தடுத்து எடுத்த போட்டோக்கள் மட்டும் இருந்தால், படங்களுக்கு இடையே எவ்வளவு நேரம் என்று தெரியாதவரை வேகம், காலடி எண்ணிக்கை, தரையில் இருந்த நேரம் என்று எதையும் எழுதக் கூடாது. உடல் எப்படி இருந்தது, எது முன்னே எது பின்னே என்பது மட்டும் எழுதலாம். வெவ்வேறு நாளில் எடுத்த போட்டோக்களை ஒரே நடையாகக் கோர்க்கவும் வேண்டாம்.

4. எழுதுவது

இதில்தான் நான் அதிகம் தடுமாறினேன். நம் வாயில் வரும் நடைச் சொற்கள் எல்லாமே பாதி தீர்ப்பு. "நொண்டுகிறார்" என்றால் வலி என்று ஒருவர் நினைப்பார், கால் குட்டை என்று இன்னொருவர் நினைப்பார், கேட்கிறவருக்கு மனசும் நோகும். "தள்ளாடுகிறார்", "விறைப்பாக நடக்கிறார்", "பயந்து பயந்து வைக்கிறார்", இவை எதுவும் பிரேமில் இல்லை. விறைப்பு என்பது காலைப் பிடித்து மடக்கிப் பார்ப்பவருக்குத் தெரிவது. பயம் அவர் சொன்னால் தெரிவது.

ஒரு வாக்கியத்தில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: எந்த உறுப்பு, எந்தப் பொழுதில், எதோடு ஒப்பிட்டு. "வலது கை வீசுவதே இல்லை" என்று எழுதியிருந்தேன். படங்களைத் திரும்பப் பார்த்ததும் மாற்றினேன்: "இடது கை முன்னே வரும்போது மணிக்கட்டு தொப்புளுக்கு முன்வரை வருகிறது, வலது மணிக்கட்டு சுற்று முழுவதும் டவுசரின் பக்கத் தையலை ஒட்டியே இருக்கிறது, முழங்கை சற்று மடங்கியிருக்கிறது." நீளம்தான், ஆனால் படிப்பவர் வீடியோ பார்க்காமலே பார்த்துவிடுவார்.

"இழுத்து நடக்கிறார்" என்பதை எடுத்துக்கொள்வோம், எங்கள் வீட்டில் எல்லோரும் சொன்ன சொல். இழுப்பது என்றால் கண்ணுக்கு என்ன தெரிய வேண்டும்? கால் காற்றில் கடந்து போகும் பொழுதில் பாதத்தின் ஏதோ ஒரு பாகம் தரையைத் தொட வேண்டும். சரி, தொடுகிறதா என்று எண்ணினேன். ரப்பர் செருப்போடு நடந்த வீடியோவில் வலது கால் ஆறு முறை கடந்தது, அதில் நாலு முறை செருப்பின் முன்நுனி சாக்பீஸ் கோட்டை உரசிக் கலைத்தது, வீடியோவில் சரக் என்ற சத்தமும் கேட்டது. வெறுங்காலில் ஆறு முறையும் எதுவும் தொடவில்லை, பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. இடது கால் இரண்டிலும் தொடவில்லை. நாங்கள் மாதக்கணக்கில் காலைப் பற்றிச் சொன்னது வலது செருப்பு போட்டிருந்த நேரத்துக்கு மட்டும் பொருந்தியது. ஏன் என்று நான் எழுதவில்லை. செருப்பு லூசாக இருக்கலாம், வேறு ஏதாவதும் இருக்கலாம், அதை முடிவு செய்வது என் வேலை இல்லை.

எழுதி முடித்ததும் "ஆல்", "காரணமாக", "போல", "மாதிரி" என்ற சொற்களைத் தேடுங்கள். "வலியால்", "பலவீனம் காரணமாக", "பக்கவாதம் வந்தவர் போல" என்று நீங்கள் அறியாமல் நுழைந்திருக்கும். அந்த வாக்கியத்தை வெட்டிவிட்டு எதைப் பார்த்து அப்படித் தோன்றியது என்று கேட்டு அதை எழுதுங்கள். அவரே வாயால் சொன்னது இருந்தால் தனியாக, அவர் சொன்ன சொல்லிலேயே: "மூன்றாவது நடைக்குப் பிறகு, வலது முட்டி கனமா இருக்கு என்றார்."

பார்த்தும் தெரியாதவற்றையும் எழுதுங்கள். எதிரிலிருந்து எடுத்ததில் டவுசர் தொளதொள என்று இருந்ததால் இடுப்பு ஒரு பக்கம் இறங்குகிறதா என்று எனக்குத் தெரியவில்லை, அப்படியே எழுதினேன். எழுதாமல் விட்டால் "இடுப்பு சரியாக இருக்கிறது" என்று எடுத்துக்கொள்வார்கள்.

5. கையில் கொண்டு போக வேண்டியவை

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நான் கொடுத்தது கிட்டத்தட்ட இது:

> வயது 68. கார் நிறுத்துமிடம், சமதளம், காலை 11 மணி. காலை மாத்திரை 8 மணிக்கு. கைத்தடி இல்லை, யாரும் பிடிக்கவில்லை. வினாடிக்கு 30 பிரேம், ஸ்டாப்வாட்சால் சரிபார்த்தது. இடம் வலம் எல்லாம் நடப்பவருடையது.
>
> வெறுங்கால், 5 சுற்று: ஒரு சுற்று சுமார் 1.2 வினாடி. ஐந்திலும் இடது பாதம் வலதைவிட 2 முதல் 4 பிரேம் அதிகமாகத் தரையில். இரண்டு பக்கமும் குதிகாலே முதலில் தொடுகிறது. வலது கால் கடக்கும்போது தரையைத் தொடவில்லை.
>
> ரப்பர் செருப்பு: வலது கால் கடந்த 6 முறையில் 4 முறை முன்நுனி தரையை உரசியது. இடது உரசவில்லை.
>
> வலது மணிக்கட்டு சுற்று முழுவதும் தொடையை ஒட்டி. இடது மணிக்கட்டு தொப்புளுக்கு முன்வரை வருகிறது.
>
> திரும்பும்போது: இடப்பக்கம் திரும்ப 4 காலடி, வலப்பக்கம் 6.
>
> தெரியாதது: இடுப்பின் ஏற்ற இறக்கம் (உடை மறைத்தது).
>
> அவர் சொன்னது: "வலது முட்டி கனமா இருக்கு", மூன்றாவது நடைக்குப் பிறகு.

இதோடு ஆறு பிரேம்களையும் ஒரே தாளில், ஒவ்வொன்றின் கீழேயும் எண் போட்டு, கலர் பிரிண்ட் எடுங்கள். வெட்டாத அசல் வீடியோவும் போனில் இருக்கட்டும். டாக்டர் பெரும்பாலும் தாளைப் படித்துவிட்டு ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்கக் கேட்பார், அதனால் உரசிய இடம், திரும்பும் இடம் இவை எத்தனையாவது வினாடியில் என்று ஓரத்தில் குறித்து வையுங்கள். எங்கள் பிசியோதெரபிஸ்ட் திரும்பும் இடத்தைத்தான் கேட்டார், மூன்று முறை பார்த்தார்.

செலவு பெரிதில்லை. டவுசர், அளவு டேப், சாக்பீஸ், ரிப்பன், இரண்டு கலர் பிரிண்ட் எல்லாம் சேர்த்து எனக்கு 400 ரூபாய்க்குள் முடிந்தது. ஸ்டூல் இருக்கும்போது டிரைபாட் தேவையே இல்லை. நேரம்தான் பிடிக்கும். எடுப்பதற்கு முக்கால் மணி, பிரேம் எண்ணுவதற்கு முதல் தடவை ஒரு மாலை முழுக்கப் போனது, எழுதுவதற்கு ஒரு மணி நேரம். டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்கு மூன்று நாள் முன்னாலாவது எடுத்துவிடுங்கள். முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து எண்ணினால் கண் சொருகி இடம் வலம் மாறும்.

6. இரண்டாவது முறை எடுக்கும்போது

ஆறு வாரம் கழித்து மறுபடி எடுத்து வரச் சொன்னார்கள். ஒப்பிட வேண்டும் என்றால் எல்லாம் அதேபோல் இருக்க வேண்டும்: அதே இடம், அதே நேரம், மாத்திரை போட்டு அதே மூன்று மணி நேரம் கழித்து, அதே டவுசர், அதே செருப்பு. புதுச் செருப்பு வாங்கியிருந்தால் பழையதையும் தூக்கிப் போடாமல் வையுங்கள், இரண்டிலும் எடுங்கள். ஸ்டூல் இருந்த இடத்தில் பெயிண்டால் நாலு புள்ளி வைத்திருக்கிறேன். பழைய குறிப்பை எடுத்துப் பார்க்காமல் புது வீடியோவை முதலில் எண்ணி எழுதுங்கள். இல்லாவிட்டால் போன தடவை வந்த எண்ணையே இந்தத் தடவையும் கண் கண்டுபிடித்துத் தரும்.